ஆசிரியர் சந்திப்பின் ஒலிப்பதிவைச் சுருக்கி எழுதுவது எப்படி?

கேள்வி: அக்கா வேலைக்காக வெளிநாட்டில் இருக்கிறாள். ஏழாம் வகுப்பு படிக்கும் அவள் மகன் எங்களோடு இருக்கிறான். நேற்று பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்கு அவளுக்குப் பதிலாக நான் போனேன். ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டுதான் மொபைலில் பதிவு செய்தேன், 22 நிமிடம் இருக்கிறது. ஆடியோவை அப்படியே அனுப்பினால் கேட்க நேரமில்லை என்கிறாள். போனில் சொன்னால் பதறுகிறாள், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறேன் என்கிறாள். எழுதி அனுப்பலாம் என்று பார்க்கிறேன். எதை எழுதுவது, எதை விடுவது?

பதில்:

அக்கா பதறுவதற்கும் சந்தேகப்படுவதற்கும் காரணம் ஒன்றுதான். ஆசிரியர் கண்ணால் பார்த்தது எது, அவர் ஊகித்தது எது, நீங்கள் நினைப்பது எது என்று போனில் பிரித்துக் கேட்க அவளுக்கு வழியில்லை. மூன்றும் ஒரே குரலில், உங்கள் குரலில், கலந்து வருகிறது. நேரில் போயிருந்தால் அவளே பிரித்திருப்பாள். ஆகவே நீங்கள் எழுதப்போகும் சுருக்கத்தின் முக்கிய வேலை நீளத்தைக் குறைப்பது அல்ல, இந்த மூன்றையும் தனித்தனியாக வைப்பது. அதைச் செய்துவிட்டால் நீளம் தானே குறையும்.

நான் பல வருஷம் வகுப்பாசிரியராக இருந்தவன். அப்புறம் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் தடவை இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பதிவு பத்திரமாகத்தானே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆடியோவில் குரல்தான் இருக்கும். "இதோ பாருங்க, இந்த மாதிரி எழுதறான்" என்று ஆசிரியர் நோட்டைத் திருப்பிக் காட்டியிருப்பார். பதிவில் காகிதம் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்கும். எந்தப் பக்கம், என்ன தப்பு என்பது இப்போதைக்கு உங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஒரு வாரம் போனால் அதுவும் இருக்காது. முதல் தடவை கேட்கும்போது இப்படிப்பட்ட "இது", "இந்த இடம்", "அது மாதிரி" வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அது என்ன என்று எழுதிவிடுங்கள். பையனின் நோட்டு வீட்டில் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துவையுங்கள்.

முழுப் பேச்சையும் எழுத்தாக்க உட்காராதீர்கள். பழகிய கைக்கே ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க நாலு மணி நேரம் போல ஆகும். உங்கள் 22 நிமிடம் ஒன்றரை மணி நேரத்தைத் தின்னும், பழக்கமில்லாவிட்டால் இன்னும் கூட. அவ்வளவையும் எழுதினாலும் அக்கா படிக்கப்போவதில்லை. அதற்குப் பதிலாக, பேச்சு வேறு விஷயத்துக்கு மாறும் இடத்தில் எல்லாம் நிமிடமும் விநாடியும் குறித்து, பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதுங்கள்: "05:35 கணக்கு மார்க்", "16:40 இடம் மாற்றுவது" என்று. ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். இரண்டாவது தடவை அதில் முக்கியமான ஐந்தாறு இடங்களை மட்டும் போட்டுக் கேட்டு, ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். காதில் இயர்போன் போட்டு, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் மெதுவாகச் சொன்னதும் பிடிபடும்.

எந்த இடங்கள் முக்கியம் என்று எப்படித் தெரியும்? எண் வரும் இடம் எல்லாம் முக்கியம். யாராவது எதையாவது செய்வதாக ஒப்புக்கொள்ளும் இடமும் அப்படித்தான். ஆசிரியர் ஒரே விஷயத்துக்கு இரண்டு மூன்று தடவை சுற்றிச் சுற்றி வந்தால், எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் அவர் மனதில் இருப்பது அதுதான். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடி பாராட்டு. கேட்பவரில் பாதிப் பேர் முதலும் கடைசியும் கேட்டுச் சந்தோஷமாகப் போவார்கள், மீதிப் பேர் நடுவில் வந்ததை மட்டும் கேட்டுக் கலங்கிப் போவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசி இரண்டு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். பெற்றோர் எழுந்து பையை எடுக்கும்போது "அப்புறம் இன்னொண்ணு" என்று ஆசிரியர் சொல்வதில்தான் பல நேரம் விஷயம் இருக்கும். அதுவரை சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார். சிலர் எழுந்ததுமே பதிவை நிறுத்திவிடுவார்கள். நீங்களும் அப்படி நிறுத்தியிருந்தால், வாசல் வரை நடந்தபோது பேசியதை நினைவிலிருந்து எழுதி, "இது பதிவில் இல்லை" என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

இப்போது ஒரு பேச்சை எடுத்துச் செய்தே காட்டுகிறேன். நானே அமைத்ததுதான். ஆனால் ஏழாம் வகுப்புச் சந்திப்பு பெரும்பாலும் இந்த ரகத்தில்தான் இருக்கும். இரண்டாம் தடவை கேட்டு எழுதிய இடங்கள் இவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

02:10 ஆசிரியர்: "நல்ல பையன். யார்கிட்டயும் வம்புக்குப் போக மாட்டான். மொழிப் பாடம், வரலாறு எல்லாம் நல்லாப் பண்றான்."

05:35 ஆசிரியர்: "கணக்குலதான், இந்தத் தேர்வுல 25க்கு 11. போன தடவை 18 வாங்கினான். தெரியலைன்னு சொல்ல மாட்டேன். வாயால கேட்டாச் சொல்லிடறான். எழுதறப்போ எண்ணை மாத்தி எழுதிடறான்."

09:20 ஆசிரியர்: "கொஞ்ச நாளாக் கவனம் கொஞ்சம் கம்மியா இருக்கு. எல்லா வகுப்புலயும்னு இல்ல. என் வகுப்புலயும் அறிவியல் வகுப்புலயும்னு வெச்சுக்கோங்க."

13:05 சித்தி: "அவங்க அம்மா வெளிநாட்டுல இருக்காங்க இல்லையா, அந்த ஏக்கம்தான்னு நினைக்கிறேன்." ஆசிரியர்: "ம், இருக்கலாம்."

16:40 ஆசிரியர்: "முன்னால உட்கார வெச்சுப் பார்க்கலாம். ஒரு ரெண்டு வாரம் பார்ப்போம்." சித்தி: "சரிங்க, வீட்லயும் தினமும் கணக்குப் போட வைக்கிறோம்."

21:10 ஆசிரியர், நாற்காலி நகரும் சத்தத்துக்கு நடுவில்: "அப்புறம் இன்னொண்ணு, போர்டுல எழுதிப் போடறத பக்கத்துப் பையன் நோட்டப் பார்த்துத்தான் எழுதறான். அதையும் கொஞ்சம் கவனிங்க."

இதை அவசரத்தில் சுருக்கினால் எப்படி வரும்?

"உன் பையன் நல்ல பையன் என்று சொன்னார். கணக்கில் மார்க் ரொம்பக் குறைந்துவிட்டது, 11தான். வகுப்பில் கவனம் இல்லை. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான். நீ இல்லாத ஏக்கம்தான் காரணம் என்று ஆசிரியரும் சொல்கிறார். இடத்தை மாற்றச் சொல்லியிருக்கிறோம். கவலைப்படாதே."

படிக்கும்போது பொய் எதுவும் கண்ணில் படாது. ஆனாலும் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியமும் கெட்டுப்போயிருக்கிறது.

"கொஞ்ச நாளாக", "கொஞ்சம் கம்மி", "இரண்டு வகுப்பில்" என்று ஆசிரியர் மூன்று வேலி போட்டுச் சொன்னார். சுருக்கத்தில் மூன்றும் போய், "கவனம் இல்லை" என்று தீர்ப்பு மட்டும் நிற்கிறது. சுருக்கும்போது முதலில் உதிர்வது இப்படிப்பட்ட சின்னச் சொற்கள்தான். அவை இடத்தை அடைப்பது போலத் தெரியும். உண்மையில் எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதற்கான அளவே அவற்றில்தான் இருக்கிறது. எவ்வளவு நாளாக, எவ்வளவு அடிக்கடி, எந்த வகுப்பில் என்ற மூன்றையும் வெட்டாதீர்கள். வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள்.

மார்க்கைப் பாருங்கள். 11 என்பது மட்டும் அக்காவுக்கு ஒன்றும் சொல்லாது. எத்தனைக்கு 11, போன தடவை எவ்வளவு என்பது சேர்ந்தால்தான் அது செய்தி. 18இலிருந்து 11க்கு இறங்கியிருக்கிறான் என்றால், ஆரம்பத்திலிருந்தே கணக்கு வராத பையன் இல்லை, இடையில் ஏதோ மாறியிருக்கிறது என்று புரியும். அதோடு "வாயால் சொல்கிறான், எழுதும்போது எண் மாறுகிறது" என்று ஆசிரியர் சொன்னதுதான் அந்தப் பேச்சிலேயே மிக உபயோகமான வாக்கியம். அவசரச் சுருக்கத்தில் அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. மார்க் கண்ணில் பட்டதும் மற்றது மறைந்துவிட்டது.

ஏக்கம் என்ற காரணத்தைச் சொன்னது யார்? சித்தி. ஆசிரியர் "ம், இருக்கலாம்" என்றார். எதிரில் இருப்பவர் தன் குடும்ப விஷயத்தைச் சொல்லும்போது "இல்லை" என்று மறுக்கும் ஆசிரியர் அபூர்வம். நானும் அந்த "இருக்கலாம்"-ஐ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது மரியாதைக்குச் சொல்வது. அதை "ஆசிரியரும் சொல்கிறார்" என்று எழுதினால் நீங்கள் ஊகித்தது ஆசிரியரின் முடிவாக மாறி, கடல் தாண்டி இருக்கும் ஒரு அம்மாவின் தலையில் போய் விழுகிறது. அன்றிரவு அவள் தூங்க மாட்டாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றுகூட யோசிப்பாள். அவ்வளவும் ஆசிரியர் சொல்லாத ஒன்றுக்காக.

அப்புறம் அந்தக் கடைசி விஷயம். "பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான்" என்று படித்தால் என்ன தோன்றும்? காப்பி அடிக்கிறான் என்றுதான். ஆசிரியர் சொன்னது போர்டில் எழுதிப் போடுவதை. போர்டில் இருப்பதை எழுதுவதற்கு எதற்கு இன்னொருவன் நோட்டு? எல்லாருக்கும் முன்னால் எழுதியிருப்பதைக் காப்பி அடிக்க வேண்டிய அவசியமே இல்லையே. "போர்டில்" என்ற ஒரு சொல் விழுந்ததும், வேறு ஏதோ ஒன்றின் அடையாளமாக இருக்கக்கூடிய செய்தி பையன்மேல் ஒரு குற்றச்சாட்டாகிவிட்டது.

கடைசியாக, இடம் மாற்றுவது. "பார்க்கலாம்", "பார்ப்போம்" என்று நாம் பேசும்போது யார், எப்போது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்காது. பேசிய இருவருக்கும் புரிந்தது போல இருக்கும். இரண்டு வாரம் கழித்து இருவருமே மற்றவர் செய்வார் என்று காத்திருப்பார்கள். சுருக்கத்தில் ஒவ்வொரு "லாம்"-க்கும் ஆளையும் தேதியையும் போடுங்கள். பேச்சில் அது தெளிவாக வரவில்லை என்றால் நீங்களாக நிரப்பாதீர்கள், "யார் என்று பேசவில்லை" என்று எழுதுங்கள். அந்த இடைவெளியும் அக்காவுக்குத் தெரிய வேண்டியதுதான்.

அதே பேச்சை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அக்கா, 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியரைப் பார்த்தேன். அவரும் நானும் மட்டும் இருந்தோம், பையன் வெளியே இருந்தான். 22 நிமிடம் பேசினோம். அடைப்புக்குறிக்குள் இருப்பது பதிவில் அந்த இடம் வரும் நேரம்.

உடனே நீ ஏதும் செய்ய வேண்டியதில்லை. 28ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் நீ என்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அது கடைசியில்.

ஆசிரியர் கவனித்ததாகச் சொன்னவை: கணக்கில் இந்தத் தேர்வில் 25க்கு 11, போன தேர்வில் 18. வாயால் கேட்டால் விடை சொல்கிறான், எழுதும்போது எண்ணை மாற்றி எழுதிவிடுகிறான் (05:35). போர்டில் எழுதிப் போடுவதைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான், அதைக் கவனியுங்கள் என்றார் (21:10). இதைக் கிளம்பும்போது சொன்னார், நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மொழிப் பாடமும் வரலாறும் நன்றாகச் செய்கிறான், யாரோடும் சண்டைக்குப் போவதில்லை (02:10).

அவர் கருத்தாகச் சொன்னது: 'கொஞ்ச நாளாகக் கவனம் கொஞ்சம் கம்மி'. எல்லா வகுப்பிலும் இல்லை, அவர் வகுப்பிலும் அறிவியல் வகுப்பிலும் (09:20). எத்தனை நாளாக என்று நான் கேட்கவில்லை. காரணம் என்று அவராக எதையும் சொல்லவில்லை.

நான் சொன்னவை: நீ வெளிநாட்டில் இருப்பதைச் சொன்னேன், அந்த ஏக்கமாக இருக்குமோ என்றேன். 'இருக்கலாம்' என்றார், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை (13:05). வீட்டில் தினமும் கணக்குப் போட வைக்கிறோம் என்று ஒப்புக்கொண்டேன்.

முடிவானவை: அவனை முன்வரிசையில் உட்கார வைத்து இரண்டு வாரம் பார்ப்பதாக ஆசிரியர் சொன்னார் (16:40). எந்த நாளிலிருந்து என்று பேசவில்லை. இரண்டு வாரத்துக்குப் பின் யார் யாரிடம் கேட்பது என்றும் பேசவில்லை, 28ஆம் தேதி நானே கேட்கிறேன்.

இனி வருவது என் எண்ணம், ஆசிரியர் சொன்னதல்ல: எண் மாறுவதையும் போர்டைப் பார்த்து எழுதாததையும் சேர்த்துப் பார்த்தால், அவனுக்குப் போர்டு சரியாகத் தெரிகிறதா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. கண்ணைப் பரிசோதிக்கக் கூட்டிப்போகட்டுமா? 28ஆம் தேதிக்குள் சொல்."

இதைப் படிக்க இரண்டு மூன்று நிமிடம் போதும். ஆனால் அக்கா இதை வைத்து முடிவெடுக்கலாம். எதை நம்புவது, எதைக் கேட்டுச் சரிபார்ப்பது என்று அவளுக்கே தெரியும்.

சில இடங்களை ஏன் அப்படி எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். நடந்த வரிசையில் எழுதவில்லை. சந்திப்பு பாராட்டில் தொடங்கியது, கடிதம் "நீ செய்ய வேண்டியது என்ன" என்பதில் தொடங்குகிறது. தூரத்தில் இருப்பவர் பள்ளியிலிருந்து செய்தி என்றதும் முதலில் தேடுவது, ஏதாவது ஆபத்தா, நான் இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா என்பதைத்தான். அதற்கு விடை தெரியாமல் மற்றதைப் படித்தால் எதுவும் மனதில் ஏறாது. உடனே செய்ய வேண்டியது இருந்தால் அதைத்தான் முதல் வரியில் போட வேண்டும், இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிட வேண்டும். "கவலைப்படாதே" என்பதை நான் எழுதவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்தாலே கவலைப்பட ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். உங்கள் அக்கா "மறைக்கிறாய்" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"நான் சொன்னவை" என்ற பகுதியைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. ஆசிரியர் என்ன சொன்னார் என்பதில்தான் எல்லார் கவனமும் போகும். ஆனால் அந்த மேசையில் நீங்கள் பேசியது அக்காவின் சார்பில். அவளுடைய வேலை, வீட்டு நிலைமை, பையனைப் பற்றி நீங்கள் சொன்னது எல்லாம் ஆசிரியர் மனதில் பதிந்துவிட்டன. அடுத்த மாதம் அக்கா ஆசிரியரோடு வீடியோ அழைப்பில் பேசும்போது, "நீங்க ஊர்ல இல்லாததால ஏங்கறான்னு சொன்னாங்களே" என்று அவர் தொடங்கினால் அவளுக்கு எப்படி இருக்கும்? அதைவிட உங்கள் கையால் முன்கூட்டித் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல். நீங்கள் கொடுத்த வாக்கும் அப்படித்தான். தினமும் கணக்குப் போட வைப்பதாக ஒப்புக்கொண்டது நீங்கள், இரவு போனில் பையனிடம் "போட்டாயா" என்று கேட்கப்போவது அவள்.

"கேட்கவில்லை", "பேசவில்லை" என்று அங்கங்கே எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? கேட்காமல் விட்டதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் எழுதாவிட்டால் அந்த இடத்தை அக்காவே தன் பயத்தை வைத்து நிரப்பிக்கொள்வாள். எழுதிவிட்டால் அது ஆசிரியரிடம் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வியாகிவிடும்.

கண் விஷயத்தை ஏன் தனியாகக் கடைசியில் வைத்தேன் என்றால், அதை ஆசிரியர் சொல்லவில்லை. அவர் பார்த்ததைச் சொன்னார், சேர்த்துப் பார்த்தது நான். கிட்டப்பார்வை பள்ளி வயதில்தான் பல பிள்ளைகளுக்குத் தொடங்கும். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தால் பிள்ளைகள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே இந்தச் சந்தேகத்தை விழுங்கிவிடக் கூடாது. அதே சமயம் "கண்ணில் கோளாறு இருக்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள்" என்றும் எழுதக் கூடாது. வேறு காரணமும் இருக்கலாம். போர்டில் வெளிச்சம் பட்டுப் பளபளக்கலாம், முன்னால் உயரமான பையன் உட்கார்ந்திருக்கலாம், மெதுவாக எழுதுவதால் அழிப்பதற்குள் முடிக்க முடியாமல் போகலாம். இரண்டு வாரம் முன்வரிசையில் உட்கார்ந்தால் இதில் பாதி தானே தெரிந்துவிடும்.

எண்களை ஒரு தடவை கூடுதலாகச் சரிபாருங்கள். மொபைல் மேசைமேல் கிடந்த பதிவில் "பதினொண்ணு" என்பதும் "பதினேழு" என்பதும் ஒரே மாதிரி விழலாம். விடைத்தாள் வீட்டில் இருந்தால் அதைப் பார்த்து எழுதுங்கள். இல்லை என்றால் "11 என்று கேட்கிறது" என்று எழுதுவது நேர்மை. நாள் சொல்லும்போது "அடுத்த வெள்ளி" வேண்டாம், தேதியைப் போடுங்கள். ஆசிரியர் "சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லியிருந்தால் அது இங்கே நாலு மணி. அக்கா இருக்கும் ஊரில் அது எத்தனை மணி என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். சில நாடுகளில் வருஷத்தில் இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள், போன மாதம் போட்ட கணக்கு இந்த மாதம் சரியாக இருக்காது.

அனுப்பும்போது எழுத்தை முதலில் அனுப்புங்கள், அவள் படித்த பிறகு போன் பண்ணுங்கள். போனில் அதையே மறுபடி வாசித்துக் காட்ட வேண்டாம், அவள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். முழு ஆடியோவும் இருக்கிறது, வேண்டும்போது கேள் என்று அனுப்பிவைப்பதில் தப்பில்லை. நேரங்களைக் குறித்திருப்பதால் 22 நிமிடத்தையும் கேட்காமல் 21:10-ஐ மட்டும் போட்டுக் கேட்டுவிடுவாள். அந்த இடத்தை மட்டும் வெட்டி அனுப்புவதானால், முன்னாலும் பின்னாலும் அரை நிமிடம் சேர்த்து வெட்டுங்கள். தனி வாக்கியமாக வெட்டினால் ஆசிரியரின் தொனி போய்விடும், சாதாரணமாகச் சொன்னதும் அதட்டுவது போலக் கேட்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சுருக்கமோ ஆடியோவோ குடும்பக் குழுவுக்குப் போகக் கூடாது. அக்காவுக்கு மட்டும் அனுப்புங்கள். ஆசிரியர் பதிவுக்குச் சம்மதித்தது அவன் அம்மா கேட்பதற்காக, மாமாவும் பெரியம்மாவும் கருத்துச் சொல்வதற்காக இல்லை. பையனே ஒருநாள் யாருடைய மொபைலிலாவது அதைப் படிக்கவும் வாய்ப்பிருக்கிறது. பேச்சில் மற்றப் பிள்ளைகளின் பெயர் வந்திருந்தால் எழுத்தில் "பக்கத்துப் பையன்", "இன்னொரு மாணவி" என்று மாற்றிவிடுங்கள். அவர்களுடைய மார்க்கை ஒப்பிட்டு ஏதாவது பேசியிருந்தால் அதை எழுதாமலே விட்டுவிடலாம், அக்காவுக்கு அது தேவையில்லை.

பையனிடம் என்ன சொல்வது என்பதை அக்காவோடு பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் வெவ்வேறு மாதிரி சொன்னால் அவனுக்குத்தான் குழப்பம். இதற்குமேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, அது உங்கள் வீட்டு விஷயம்.

சுருக்கத்தை அக்காவுக்கு அனுப்பிய கையோடு ஆசிரியருக்கும் ஒரு சின்னச் செய்தி போடுங்கள். முழுச் சுருக்கத்தையும் அல்ல, முடிவானதை மட்டும்: "வணக்கம். வெள்ளிக்கிழமை பேசியதில் நான் புரிந்துகொண்டது: அவனை முன்வரிசையில் உட்கார வைத்து இரண்டு வாரம் பார்ப்பதாகச் சொன்னீர்கள். நாங்கள் வீட்டில் தினமும் கணக்குப் போட வைக்கிறோம். 28ஆம் தேதி நான் உங்களைத் தொடர்புகொள்கிறேன். போர்டில் இருப்பதைப் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறான் என்று சொன்னீர்களே, அது எப்போதிலிருந்து என்று சொல்ல முடியுமா? நான் தவறாகப் புரிந்துகொண்டது இருந்தால் திருத்துங்கள்." ஆசிரியராக இருந்தபோது இப்படி ஒரு செய்தி வந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும். நான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும், சொல்ல விட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம். பதில் வந்ததும், திருத்தம் ஏதாவது இருந்தால் அக்காவுக்கு அனுப்பியதில் அந்த வரியை மட்டும் திருத்தி, எது மாறியது என்று சொல்லி மறுபடி அனுப்புங்கள்.

பதிவை 28ஆம் தேதிப் பேச்சு முடியும்வரை வைத்திருங்கள். அப்போது ஏதாவது கருத்து வேறுபாடு வந்தால் திரும்பக் கேட்க உதவும். அதற்குப் பிறகு சுருக்கம் மட்டும் போதும், ஆடியோவை உங்கள் மொபைலிலும் அக்காவின் மொபைலிலும் அழித்துவிடலாம்.